மட்டக்களப்பு மழைத் தரவில் போக்குத் தேடும்போது வரும் பிழைகள்: அறிகுறி, காரணம், திருத்தம்

ஒரு ஊரின் நாற்பது ஐம்பது வருட மழைக் கணக்கை விரிதாளில் போட்டு, மழை கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது கடினமான வேலை அல்ல. ஆனால் விரிதாள் எந்தத் தரவைக் கொடுத்தாலும் ஒரு கோடு கீறித் தந்துவிடும். மட்டக்களப்பைப் பொறுத்தவரை முதல் முயற்சியில் வரும் கோடு பெரும்பாலும் மழையைக் காட்டுவதில்லை. விடுபட்ட நாட்களையும், ஜனவரி முதலாம் திகதியில் வெட்டப்பட்ட மாரியையும்தான் காட்டுகிறது. எனவே உங்கள் தாளில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பிழையைக் கண்டுபிடிக்கும் முறையில் இதை எழுதியிருக்கிறோம்.

தரவு மூன்று வழிகளில் கிடைக்கும். நாளாந்த அளவுகளை GHCN-Daily என்ற அமெரிக்கப் பொதுத் தொகுப்பிலிருந்து இலவசமாக இறக்கலாம். மாதாந்த மொத்தங்கள் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகளில் அச்சாகின்றன. முழுமையான நாளாந்தப் பதிவு வேண்டுமென்றால் வளிமண்டலவியல் திணைக்களத்திடம் கட்டணம் கட்டி வாங்கவேண்டும். மட்டக்களப்பு நிலையத்தின் சர்வதேச இலக்கம் 43436. கீழே உள்ள சூத்திரங்கள் எக்செலுக்கு எழுதியவை. லிப்ரே ஆபிஸிலும் இவற்றைத் தட்டச்சுச் செய்யலாம், ஆனால் தாளின் பெயருக்குப் பிறகு வரும் ! குறிக்குப் பதில் அங்கே புள்ளி போடவேண்டும்.

அறிகுறி: வருட மொத்தம் 16,000 என்று வருகிறது, அல்லது 65 என்று வருகிறது

மட்டக்களப்பின் நீண்டகால வருடச் சராசரி ஏறக்குறைய 1,650 மில்லிமீற்றர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்திருந்தால் அலகுப் பிழையை உடனே பிடித்துவிடலாம். 16,000ஐச் சுற்றி வந்தால் உங்கள் கையில் இருப்பது மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. GHCN-Daily கோப்பில் PRCP என்ற நிரல் அப்படித்தான் இருக்கும், 10ஆல் வகுக்கவேண்டும். 65ஐச் சுற்றி வந்தால் அது அங்குலம், 25.4ஆல் பெருக்கவேண்டும். சில வருடங்கள் மட்டும் இப்படி வந்தால் யாரோ இரண்டு மூலங்களை ஒட்டியிருக்கிறார்கள். எந்த நிரையில் அலகு மாறுகிறது என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

மொத்தம் மறைப் பெறுமானமாக வந்தால் காரணம் -9999. சில கோப்புகளில் தரவு இல்லை என்பதற்கான குறி அது. தேடி வெறுமையாக்குங்கள், 0 ஆக்கவேண்டாம். ஏன் என்பது மூன்றாவது அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: நவம்பரில் மழை பாதிக்கும் கீழே போய்விட்டது, கோடை மாதங்களில் 11ஆம் திகதிகளில் கொட்டுகிறது

இது திகதி புரண்டதன் அடையாளம். கோப்பில் 05/11/1978 என்று நாள் முன்னுக்கும் மாதம் பின்னுக்கும் இருக்க, கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் எடுத்துவிட்டது. நவம்பர் 5 மே 11 ஆகிவிடும். நவம்பரின் முதல் 12 நாட்களும் இப்படிப் பன்னிரண்டு மாதங்களின் 11ஆம் திகதிகளுக்குச் சிதறும். 13 முதல் 30 வரையானவற்றுக்கு 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அவை திகதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். எழுத்தாக நிற்கும் நாட்களின் மழை எந்த மாதக் கூட்டலிலும் சேராது.

உறுதிப்படுத்த, திகதி நிரலில் எண்ணாக இருப்பவை எத்தனை, மொத்தம் எத்தனை என்று எண்ணுங்கள்:

```
=COUNT(A2:A20000)
=COUNTA(A2:A20000)
```

இரண்டும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால், புரண்டதை ஒவ்வொன்றாகத் திருத்தப் பார்க்கவேண்டாம், ஏனென்றால் எது புரண்டது, எது புரளவில்லை என்று பிறகு பிரிக்கமுடியாது. கோப்பை மீண்டும் இறக்கி, திகதி நிரலை எழுத்து வகையாக உள்ளெடுத்து, இப்படித் திகதியாக்குங்கள்:

```
=DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2))
```

GHCN கோப்பில் திகதி 1978-11-05 என்று வருடம் முன்னுக்கு இருப்பதால் இந்தத் தொல்லை பொதுவாக வராது. 1900க்கு முந்திய பதிவுகள் உங்களிடம் இருந்தால் எக்செல் அவற்றைத் திகதியாக ஏற்காது. அவற்றுக்கு வருடம், மாதம், நாள் என்று மூன்று நிரல் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சில வருடங்கள் திடீரென்று கடும் வரட்சியாகத் தெரிகின்றன

ஊரில் யாருக்கும் நினைவில்லாத ஒரு வரட்சி வரைபில் தெரிந்தால், முதலில் சந்தேகப்படவேண்டியது பதிவைத்தான். அந்த வருடத்தில் சில வாரங்கள் தரவே இல்லாமல் இருக்கும். SUM வெற்றுக் கலத்தைத் தாண்டிப் போய்விடும். வருடத்தில் 300 நாள் மட்டும் கூட்டப்பட்டாலும் விரிதாள் எச்சரிக்காது.

GHCN கோப்பில் இது இன்னும் மறைவாக இருக்கும். விடுபட்ட நாளுக்கு வெற்றுக் கலம்கூட இருக்காமல், அந்த நிரையே இல்லாமல் போயிருக்கலாம். நவம்பர் 14க்கு அடுத்த நிரை நவம்பர் 19 ஆக இருக்கும். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போகிறவருக்கு அது கண்ணில் படாது. ஆகவே இறக்கிய தாளில் நேரடியாக வேலை செய்யாமல், அதற்கு raw என்று பெயரிட்டு அப்படியே விட்டுவிட்டு, புதிய தாள் ஒன்றில் நீங்களே ஒரு நாட்காட்டி கட்டுங்கள். A2இல் 1970-10-01 என்று தொடங்கி, A3இல் `=A2+1` என்று போட்டு, கடைசி நாள்வரை இழுங்கள். 40 வருடத்துக்கு 14,610 நிரைகள் வரும். பிறகு B நிரலில் அந்தந்த நாளின் மழையைக் கொண்டுவாருங்கள். raw தாளில் திகதி B நிரலிலும் PRCP G நிரலிலும் இருந்தால்:

```
=IFERROR(IF(INDEX(raw!G:G,MATCH(A2,raw!B:B,0))="","",
 INDEX(raw!G:G,MATCH(A2,raw!B:B,0))/10),"")
```

மழை இல்லாத நாளுக்கு 0 வரும், பதிவு இல்லாத நாளுக்கு வெறுமை வரும். இந்த வேறுபாட்டைக் கடைசிவரை காப்பாற்றினால் பாதிப் பிழைகள் வராது. எல்லாமே வெறுமையாக வந்தால் raw தாளின் திகதி எழுத்தாக இருக்கிறது என்று அர்த்தம். முந்திய பகுதியில் செய்ததுபோல அதைத் திகதியாக்குங்கள். GHCN கோப்பில் வருடம் முன்னுக்கு இருப்பதால் சூத்திரம் `=DATE(LEFT(B2,4),MID(B2,6,2),RIGHT(B2,2))` என்று வரும்.

இப்போது ஒரு சோதனை. 1978 நவம்பர் 23, 24ஆம் திகதிகளுக்குப் போய்ப் பாருங்கள். மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிப்போட்ட நாட்கள் அவை. அங்கே 0 இருந்தால், உங்கள் மூலத்தில் விடுபட்ட நாட்களை யாரோ 0 ஆக்கியிருக்கிறார்கள். அந்த மூலத்தை வேறு எந்த வருடத்துக்கும் நம்பமுடியாது. வெறுமையாக இருந்தால் மூலம் நேர்மையாக இருக்கிறது, ஆனால் அந்த மாரியின் மொத்தம் குறையுடையது. இதேபோல 2011 ஜனவரியையும் பாருங்கள். வட்டையெல்லாம் வெள்ளத்தில் கிடந்த அந்த மாதம் உங்கள் தாளில் சாதாரண ஜனவரியாகத் தெரிந்தால் தரவில் ஓட்டை இருக்கிறது. இந்தச் சோதனையில் ஒரு நாள் முன்பின்னாக இருப்பதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். இலங்கையில் மழைமானி காலை 8.30க்கு அளக்கப்படுகிறது. 24ஆம் திகதியில் எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி 23ஆம் திகதி பகலிலும் இரவிலும் பெய்ததாக இருக்கும்.

எத்தனை நாள் விடுபட்டால் ஒரு வருடத்தைக் கழிப்பது? உலக வளிமண்டலவியல் அமைப்பின் வழிகாட்டி மழை போன்ற கூட்டுத்தொகைகளில் கண்டிப்பானது. மாதத்தில் எல்லா நாளும் இருந்தால்தான் மாத மொத்தம் என்று அது சொல்கிறது. காரணம் எளிது. வெப்பநிலையில் ஒரு நாள் விடுபட்டால் சராசரி அதிகம் அசையாது. ஆனால் மட்டக்களப்பில் டிசம்பர் மாதத்தின் ஒரே நாளில் அந்த மாத மழையின் கால்வாசி பெய்துவிடலாம். நாங்கள் பரிந்துரைப்பது இது: ஒக்டோபர் தொடங்கிப் பெப்ரவரிவரை இந்தக் கண்டிப்பை அப்படியே பிடியுங்கள். ஜூன், ஜூலையில் இரண்டு மூன்று நாள் விடுபட்டிருந்தால் விட்டுக்கொடுக்கலாம், அங்கே இழப்பதற்குப் பெரிதாக மழை இல்லை.

இப்படிக் கழித்தால் 40 மாரியில் முப்பதுகூட மிஞ்சாமல் போகலாம். விடுபட்டவற்றைச் சராசரியால் நிரப்ப ஆசை வரும். அப்படி நிரப்பினால் கோடு தட்டையாகும், உண்மையான ஏற்ற இறக்கம் மறையும். நல்ல வழி, அந்த மாதத்தின் மொத்தத்தைப் புள்ளிவிபரத் திணைக்கள வெளியீட்டில் தேடுவது. நாளாந்தத் தரவு சர்வதேசத் தொகுப்புக்குப் போய்ச் சேராத மாதத்துக்கும் மாத மொத்தம் உள்நாட்டில் அச்சாகியிருக்க வாய்ப்புண்டு. அப்படி எடுத்த மாதங்களைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள்.

விடுபட்ட நாட்களுக்கு அடுத்து வரும் எண்ணையும் கவனியுங்கள். நான்கு நாள் வெறுமை, ஐந்தாம் நாள் 210 மில்லிமீற்றர் என்றால், அளவையாளர் திரும்பி வந்து மானியில் சேர்ந்துகிடந்ததை ஒன்றாக அளந்திருக்கக்கூடும். மாத மொத்தத்துக்கு அது சரிதான், கழிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நாளில் பெய்த அதிகூடிய மழை என்ற பட்டியலுக்குள் அதை விடக்கூடாது.

அறிகுறி: வரைபு வாள்பல் மாதிரி ஏறி இறங்குகிறது

ஒரு வருடம் வரட்சி, அடுத்த வருடம் வெள்ளம், திரும்பவும் வரட்சி. தரவு முழுமையாக இருந்தும் இப்படி வந்தால் பிழை நாட்காட்டியில் இருக்கிறது. கொழும்புக்குப் பொருந்தும் ஜனவரி–டிசம்பர் கணக்கு மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் பொருந்தாது. இங்கே மாரி ஒக்டோபரில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் உச்சத்துக்கு வந்து பெப்ரவரியில் ஓய்கிறது. டிசம்பர் 31இல் வருடத்தை முடித்தால், ஒரே மாரியை நடுவால் அறுத்து இரண்டு வருடங்களுக்குப் பங்கிடுகிறீர்கள்.

அதனால் என்ன ஆகிறது என்று பயிற்சிக்காக எடுத்த எண்களால் காட்டலாம். மூன்று மாரிகள், மூன்றிலும் சரியாக 1,300 மில்லிமீற்றர் பெய்ததாக வைப்போம். முதல் மாரியில் டிசம்பர்வரை 950, ஜனவரி பெப்ரவரியில் 350. இரண்டாவது மாரி பிந்தி வந்தது: டிசம்பர்வரை 680, பிறகு 620. மூன்றாவது முந்தி வந்தது: டிசம்பர்வரை 1,000, பிறகு 300. வேளாண்மை செய்கிறவருக்கு மூன்றும் ஒரே அளவு தண்ணீர் தந்த மாரிகள். நாட்காட்டி வருடத்தில் கூட்டிப் பாருங்கள். முதல் மாரியின் வாலும் இரண்டாவதின் தலையும் சேர்ந்த வருடத்துக்கு 350 + 680, அதாவது 1,030. அடுத்த வருடத்துக்கு 620 + 1,000, அதாவது 1,620. மழையில் எந்த மாற்றமும் இல்லாமலே 590 மில்லிமீற்றர் வித்தியாசம் பிறந்துவிட்டது.

திருத்தம் ஒரு நிரல்தான். C நிரலில் மழை வருடத்தை ஒக்டோபர் 1இலிருந்து தொடங்குங்கள்:

```
=YEAR(A2)-(MONTH(A2)<10)
```

இது 2010 ஒக்டோபர் முதல் 2011 செப்டெம்பர்வரை எல்லா நாளுக்கும் 2010 என்று தரும். 2011 ஜனவரி வெள்ளம் அது பிறந்த 2010/11 மாரியோடேயே சேரும், பெரும்போகக் கணக்கோடும் ஒத்துப்போகும். D நிரலில் பருவம்:

```
=IF(OR(MONTH(A2)>=10,MONTH(A2)<=2),"மாரி","கோடை")
```

பிறகு F நிரலில் வருடங்களை எழுதி, G, H நிரல்களில் அந்த மாரியின் மழையையும் பதிவுள்ள நாட்களையும் எடுங்கள்:

```
=SUMIFS(B:B,C:C,F2,D:D,"மாரி")
=COUNTIFS(C:C,F2,D:D,"மாரி",B:B,">=0")
```

இரண்டாவது சூத்திரம் 151 தரவேண்டும், பெப்ரவரி 29 வரும் மாரியில் 152. அதற்குக் குறைந்தால் எத்தனை நாள் விடுபட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். மழை மொத்தத்தை இந்த நாள் எண்ணிக்கை பக்கத்தில் இல்லாமல் எங்கேயும் நகல் எடுத்துக்கொண்டு போகவேண்டாம். தொடக்கத்திலும் முடிவிலும் அரைகுறையாக நிற்கும் மாரிகளையும் இந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: ஒரு வருடத்தை எடுத்தால் கோட்டின் திசையே மாறுகிறது

வரைபில் வலது சொடுக்கிப் போக்குக் கோடு சேர்த்ததும் மேல்நோக்கிய கோடு வருகிறது. கடைசி வருடத்தை அழித்தால் கீழ்நோக்கிப் போகிறது. இங்கே தரவு சரி, கருவிதான் பொருத்தமில்லை. விரிதாள் கீறும் கோடு ஒவ்வொரு புள்ளியின் விலகலையும் வர்க்கப்படுத்திப் பார்க்கிறது. ஆகவே தூரத்தில் நிற்கும் ஒரு வெள்ள வருடம், அதுவும் தொடரின் ஓரத்தில் நின்றால், முழுக்கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

மீண்டும் பயிற்சி எண்கள், ஏழு மாரிகள்: 1320, 1210, 1340, 1180, 1300, 1250, 2150. `SLOPE` கொடுத்தால் வருடத்துக்கு 90 மில்லிமீற்றர் கூடுகிறது என்று வரும். பத்து வருடத்தில் 900 என்று யாரும் பயந்துபோவார்கள். கடைசி 2150ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள், வருடத்துக்கு 7 மில்லிமீற்றர் குறைகிறது என்று வரும்.

இதற்குப் பதில் தீல்–சென் சாய்வு என்ற முறை இருக்கிறது. ஒவ்வொரு இரண்டு மாரிகளையும் சோடியாக எடுத்து, இரண்டுக்கும் இடையிலான மழை வித்தியாசத்தை வருட வித்தியாசத்தால் வகுக்கிறோம். ஏழு மாரிக்கு 21 சோடிகள் வரும். அந்த 21 சாய்வையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, நடுவில் நிற்கும் 11ஆவதை எடுக்கிறோம். மேலே உள்ள எண்களுக்கு அது வருடத்துக்கு 10 மில்லிமீற்றர். 2150 ஆறு சோடிகளில்தான் இருக்கிறது. அந்த ஆறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இடையத்தைக் கொஞ்சம்தான் நகர்த்தமுடியும்.

F நிரலில் வருடம், G நிரலில் மாரி மழை, 40 நிரைகள் என்றால்:

```
=MEDIAN(IF(TRANSPOSE(F2:F41)>F2:F41,
 (TRANSPOSE(G2:G41)-G2:G41)/(TRANSPOSE(F2:F41)-F2:F41),""))
```

பழைய எக்செலிலும் லிப்ரே ஆபிஸிலும் இதை Ctrl+Shift+Enter அழுத்தி உள்ளிடவேண்டும். கூகுள் ஷீட்ஸில் முழுவதையும் `ARRAYFORMULA( )` உள்ளே வையுங்கள். #VALUE! என்று வந்தால் வெறும் Enter அழுத்திவிட்டீர்கள், அல்லது G நிரலில் எங்கேயோ எழுத்து இருக்கிறது.

இந்தச் சாய்வு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க மான்–கெண்டல் சோதனை. மழையின் அளவை விட்டுவிட்டு, பின்னால் வரும் மாரி முன்னையதைவிடக் கூடினால் +1, குறைந்தால் -1 என்று எல்லாச் சோடிகளையும் கூட்டுவதுதான் அது:

```
=SUM(IF(TRANSPOSE(F2:F41)>F2:F41,SIGN(TRANSPOSE(G2:G41)-G2:G41),0))
```

இதையும் Ctrl+Shift+Enter கொடுத்து உள்ளிடுங்கள். வரும் எண்ணை S என்போம். நம் ஏழு மாரியில் 12 சோடிகள் ஏறின, 9 இறங்கின, ஆகவே S = 3. S இன் வழமையான சிதறலை `=SQRT(n*(n-1)*(2*n+5)/18)` தரும், n இருக்குமிடத்தில் மாரிகளின் எண்ணிக்கையைப் போடுங்கள். n = 7க்கு அது 6.66. S இலிருந்து 1ஐக் கழித்து (S மறையாக இருந்தால் 1ஐக் கூட்டி) இதனால் வகுத்தால் 0.30 வருகிறது. 1.96ஐத் தாண்டினால்தான் வழக்கமான 5 சதவீத அளவுகோலில் போக்கு என்று சொல்லலாம். 0.30 என்றால் இந்த ஏழு மாரியை வைத்து எதுவும் சொல்லமுடியாது. 40 மாரிகள் முழுமையாக இருந்தால் சிதறல் 85.8, ஆகவே S குறைந்தது 170 அல்லது -170 வரை போகவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கழித்துவிட்ட மாரிக்கு G நிரலில் வெற்றுக் கலத்தை விட்டால் இந்தச் சூத்திரங்கள் அதை 0 மில்லிமீற்றர் மழையாக எடுத்துக்கொள்ளும். அந்த மாரியின் F, G, H கலங்களை மட்டும் நீக்கி மற்றவற்றை மேலே நகர்த்துங்கள். முழு நிரையையும் அழித்தால் பக்கத்தில் உள்ள நாட்காட்டியும் கெடும். சூத்திரத்தின் எல்லை கடைசி மாரியோடு முடிகிறதா என்றும் பாருங்கள். வருடம் F நிரலில் இருப்பதால் இடைவெளி கணக்கைக் கெடுக்காது.

தொடக்க வருடத்தையும் மாற்றிப் பாருங்கள். 1971, 1976, 1981, 1986 என்று ஐந்தைந்து வருடம் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் தீல்–சென் சாய்வை எடுத்து ஒரு சிறு அட்டவணை போடுங்கள். குறி ஒன்றாகவே நின்றால் அந்தப் போக்கைப் பற்றிப் பேசலாம். மாறி மாறி வந்தால், நீங்கள் எங்கே தொடங்கினீர்கள் என்பதைத்தான் உங்கள் கோடு சொல்கிறது.

அறிகுறி: ஒரு வருடத்தில் திடீரென்று படி ஏறியதுபோல மாறி, பிறகு அப்படியே நிற்கிறது

மழை மெல்லக் கூடலாம், மெல்லக் குறையலாம். ஒரே வருடத்தில் படி வெட்டியதுபோல இறங்கி முப்பது வருடம் அந்த மட்டத்திலேயே நின்றால், மழைமானி இடம் மாறியிருக்கலாம், பக்கத்தில் மரமோ கட்டடமோ எழுந்திருக்கலாம், அல்லது தரவின் மூலம் மாறியிருக்கலாம். கடைசிக் காரணத்தை உங்கள் தாளிலேயே பார்த்துவிடலாம்.

GHCN கோப்பில் PRCP_ATTRIBUTES என்ற நிரல் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட குறிகளாக இருக்கும். அதை எழுத்தை நிரல்களாகப் பிரிக்கும் வசதியால் காற்புள்ளியில் பிரியுங்கள். இரண்டாவது குறியில் ஏதாவது எழுத்து இருந்தால் அந்த நாள் தரச் சோதனையில் தவறியது, அதை வெறுமையாக்குங்கள். மூன்றாவது குறி மூலத்தைச் சொல்லும். அது S என்றால், அந்த அளவு மணித்தியாலத் தந்திச் செய்திகளிலிருந்து கூட்டி எடுக்கப்பட்டது. மழைமானிப் புத்தகத்தில் எழுதிய நாளாந்த அளவிலிருந்து அது கணிசமாக வேறுபடலாம், குறிப்பாக மழையில், என்று தொகுப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். படி விழும் வருடமும் S தொடங்கும் வருடமும் ஒன்றாக இருந்தால் இரண்டு பகுதிகளையும் ஒரே கோட்டால் இணைக்கக்கூடாது. செய்மதித் தரவான CHIRPS 1981இலிருந்து இருக்கிறது. அதையும் பழைய மழைமானித் தரவின் வாலில் ஒட்டவேண்டாம். தனித் தொடராகப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

குறி மாறவில்லை, படி மட்டும் இருக்கிறது என்றால் அயல் நிலையத்தோடு ஒப்பிடுங்கள். மட்டக்களப்புக்குத் திருகோணமலை நல்ல சோடி, அம்பாறைக் கரையோரத்துக்குப் பொத்துவில். இரண்டிலும் பதிவுள்ள மாரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் திரளும் கூட்டுத்தொகை போடுங்கள்:

```
=SUM(G$2:G2)
```

ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நிலையாகவும் வைத்துப் புள்ளி வரைபு கீறினால், இரண்டு நிலையமும் ஒழுங்காக இருக்கும்வரை புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். வெள்ள வருடம் இரண்டையும் சேர்த்து உயர்த்துவதால் கோட்டை வளைக்காது. ஒரு நிலையத்தில் மட்டும் அளவை கெட்டால், அந்த வருடத்தில் கோடு முழங்கைபோல மடியும். அந்த மடிப்பு ஐந்து மாரிக்கு மேல் நீடித்தால்தான் நம்புங்கள், ஒன்றிரண்டு மாரி விலகுவது சாதாரணம். அம்பாறையில் உள்நாட்டு நிலையமொன்றைக் கரையோர நிலையத்தோடு ஒப்பிடும்போது அந்த விலகல் இன்னும் கூடுதலாக இருக்கும்.

அறிகுறி: முழு மாரியில் போக்கு இல்லை, ஒரு மாதத்தில் மட்டும் இருக்கிறது

பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக மான்–கெண்டல் செய்தால், உண்மையில் எந்த மாற்றமும் இல்லாத தரவிலும் குறைந்தது ஒரு மாதம் 1.96ஐத் தாண்டும் வாய்ப்பு 46 சதவீதம். ஏறக்குறையக் காசு சுண்டுவதுபோல. எனவே தேடிப் பார்த்துக் கண்டுபிடித்த மாதத்தைச் செய்தியாக்கவேண்டாம்.

பிரித்துப் பார்க்கவேண்டுமென்றால் காரணத்தோடு இரண்டாகப் பிரியுங்கள்: ஒக்டோபர் முதல் டிசம்பர், பிறகு ஜனவரியும் பெப்ரவரியும். எல் நினோ வருடங்களில் பொதுவாக முதற்பகுதி மழை கூடும், பிற்பகுதி குறையும். லா நினாவில் இது தலைகீழாகும் போக்கு உண்டு. 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளங்கள் வந்தது லா நினா காலத்தில்தான். முழு மாரியையும் ஒன்றாகக் கூட்டும்போது இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், மாரி மொத்தத்தில் தெரியாத ஒன்று இங்கே தெரிய வாய்ப்பிருக்கிறது. இரண்டு சோதனை மட்டும் என்பதால் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தி 1.96க்குப் பதில் 2.24 வைத்தால் போதும்.

அறிகுறி: மழை மொத்தம் மாறவில்லை, மழை நாட்கள் மட்டும் கூடிக்கொண்டு போகின்றன

0க்கு மேல் எதையும் மழை நாள் என்று எண்ணியிருப்பீர்கள். அங்குலத்தில் அளந்த காலத்தில் எழுதக்கூடிய ஆகச் சிறிய அளவு 0.01 அங்குலம், அதாவது 0.254 மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு மாறிய பிறகு 0.1கூட எழுதப்பட்டது. முன்பு எண்ணாமல் விட்ட தூறல்கள் பின்பு மழை நாட்களாகிவிட்டன. 1 மில்லிமீற்றரிலிருந்து எண்ணினால் இரண்டு காலமும் ஒரே தராசில் நிற்கும்:

```
=COUNTIFS(C:C,F2,D:D,"மாரி",B:B,">=1")
```

அதே நிரைகளில் ">=50" என்று மாற்றினால் கனமழை நாட்கள் கிடைக்கும். ஒரு மாரிக்கு அவை சிலதான் என்பதால், அங்கே ஒரு விடுபட்ட நாள்கூட எண்ணிக்கையை மாற்றிவிடும். 151 அல்லது 152 நாளும் முழுமையாக உள்ள மாரிகளை மட்டும் அந்தப் பட்டியலில் வையுங்கள்.